இல்லையென எழுதும் திருமுகம்

கடன் கேட்டு எழுதும் கடிதத்தை மாணவர்க்குக் கற்பித்திருக்கின்றோம். விடுமுறை கேட்டும், உதவி கேட்டும், நூல்கள் அனுப்புமாறு கேட்டும் எழுதும் கடிதங்களையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டி வருகின்றோம். பண்டைப் புலவர் வள்ளல்களிடம் பரிசில் வேண்டி எழுதியனுப்பிய பாட்டுக்குச் சீட்டுக்கவி என்று தனிப்பெயரே உண்டு. கேட்பதற்கு இத்துணை வழிகளை வகுத்த நாம், கேட்டதைக் கொடுக்க இயலாதவன் எழுதவேண்டிய மறுமொழிக்கு ஒரு வழியேனும் வகுத்தோமில்லை. இக்குறையை எமக்கு உணர்த்தியவர் புலவரல்லர். உடுப்பிட்டியிற் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எம் பழைய மாணவர் ஒருவர். அவர் பொருட்டு எழுந்த கருத்துக்களை இம்மலரிற் கூற விரும்புகின்றோம்.

2022ஆம் ஆண்டு ஆனி மாதத்து மாலையொன்றில் அவர் எம் இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு கொப்பி. கொப்பிக்குள் நாலாக மடித்த ஒரு துண்டுக் கடிதம். "ஐயா, இதற்கு நான் மறுமொழி எழுதவேண்டும். நான் எழுதினால் சண்டையாய் முடியும், எழுதாவிட்டாற் கடை முடியும்" என்றார். நகைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆயினும் முகத்தில் நகையில்லை.

துண்டை எழுதியவர் அவ்வூர் விவசாயி. கடைக்காரரின் தந்தையார் காலந்தொட்டு இருபத்தைந்து ஆண்டுகளாக அக்கடையில் மாத்திரமே சாமான் வாங்குபவர். வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் குடும்பத்திற்கு மாதச் சம்பளம் இல்லை. விளைவு விற்றாற் காசு, அதுவரை கொப்பி. மாவும் சீனியும் பருப்பும் கொப்பியில் ஏறும். வெங்காயம் விற்றதும் ஒரே நாளிற் கணக்குத் தீரும். வடமராட்சியில் எத்தனையோ கடைகளும் தோட்டங்களும் இவ்வாறே ஒன்றையொன்று தாங்கி வந்தன. அந்த விவசாயி ஒரு முறையேனும் ஏமாற்றியவரல்லர். கடைக்காரரின் தந்தையார் நோயுற்றிருந்தபோது இரவிலே வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவரும் அவரே.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டதாயினும், உரம் கிடைத்த இடத்தில் அதன் விலை எட்டாத உயரத்தில் நின்றது. அந்த விவசாயியின் விளைவு குன்றியது; கொப்பியில் 45,000 ரூபா தீராது நின்றது. இப்பொழுது துண்டில் அவர் கேட்டது, அடுத்த வெங்காயம் விற்கும் வரை இன்னும் மூன்று மாதத்துச் சாமான். மாதம் 20,000 ரூபாவாக மொத்தம் 60,000 ரூபா. "உங்கள் அப்பா என்றால் கேட்கவே வேண்டியிராது" என்ற வரியுடன் கடிதம் முடிந்திருந்தது.

கடைக்காரரின் நிலையையும் வாசகர் அறிதல் வேண்டும். முன்னர் மொத்த வியாபாரி அவருக்கு இரு வாரத் தவணை கொடுப்பார். அத்தவணையையே இவர் தம் வாடிக்கையாளருக்குக் கொப்பியாக நீட்டி வந்தார். 2022 மார்ச்சு மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் நின்ற விலை இரண்டு மாதத்துள் 350ஐக் கடந்தது. மொத்த வியாபாரி தவணையை நிறுத்தினார்; காசை எண்ணி வைத்தபின்னரே மூடை லொறியிலிருந்து இறங்கியது. மேலிருந்து வந்த கடன் நின்றபின் கீழே கொடுக்கும் கடன் முழுவதும் கடைக்காரரின் சொந்தக் கைமுதலாயிற்று.

இஃது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை ஒரு சீனி மூடையினாற் காட்டுவோம். மூடையொன்றை 11,500 ரூபாவுக்கு வாங்கி 12,500 ரூபாவுக்குக் கொப்பியில் எழுதுகின்றார் என்று கொள்க. இலாபம் 1,000 ரூபா. மூன்று மாதங் கழித்து வாடிக்கையாளர் சொன்ன சொல் தவறாது 12,500 ரூபாவையும் கொண்டுவந்து வைக்கின்றார். அன்று அதே மூடையின் கொள்விலை 16,000 ரூபாவாயின், வெறுமையான இடத்தை நிரப்ப 3,500 ரூபா குறைகின்றது. கடனாளி நாணயமானவர், காசும் முழுவதும் வந்துவிட்டது, ஆயினும் கடையில் ஒரு மூடை இருந்த இடத்தில் இப்பொழுது முக்கால் மூடைக்குச் சற்று மேலேதான் உண்டு. விலை அசையாத காலத்திற் கடன் கொடுத்தல் காசு வரத் தாமதிப்பது மாத்திரமே. விலை ஏறுங் காலத்தில் அது சரக்கையே இழப்பதாகும். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது என்பதை நினைத்தால், எம் எடுத்துக்காட்டு மிகைபட்டதன்று என்பது புலனாகும்.

காசு வராதே போனாலோ நிலை இன்னும் கொடிது. நூறு ரூபா விற்பனையில் எட்டு ரூபா இலாபம் எனின், 60,000 ரூபாச் சாமானில் அவருடைய கைமுதல் 55,200 ரூபா. அதை மீட்க அவர் ஏறக்குறைய 6,90,000 ரூபாவுக்கு மேலும் விற்றாக வேண்டும். கொடுத்தவர் வெளியே ஒரு வீட்டைப் பார்க்கின்றார்; கணக்கோ ஒரு வருடத்து உழைப்பைப் பார்க்கின்றது. எனவே மறுக்கத்தான் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எங்ஙனம் மறுப்பது என்பதே வினா.

அவர் தாமே எழுதிப் பார்த்த கடிதங்கள் மூன்றையும் கொப்பிக்குள் வைத்திருந்தார். அவற்றை வாங்கிப் படித்தோம். மூன்றும் மூவகைத் தவறுகள். இவ்வகைக் கடிதம் எழுதுவோர் யாவரும் இவற்றுள் ஒன்றிலேனும் விழுவர் என்று எண்ணுகின்றோம்.

முதற் கடிதம், சாமான் வரவில்லை என்று சொல்லியது. இஃது இலகுவான வழி. அன்றைய தட்டுப்பாட்டில் நம்பத்தக்கதும் ஆகும். ஆயின் உடுப்பிட்டிச் சந்தியிற் பொய்யின் ஆயுள் ஒரு பகல். மறுநாட் காலையில் அடுத்த வீட்டார் அதே கடையிலிருந்து சீனி கொண்டு போவதை விவசாயி காண்பார். அப்பொழுது கடன் மறுக்கப்பட்டதனால் வரும் நோவினும், தாம் பொய் சொல்லத்தக்கவராக எண்ணப்பட்டோம் என்ற நோவு பெரிதாகும்.

இரண்டாங் கடிதம் "இப்போதைக்குக் கஷ்டம், பார்ப்போம்" என்றது. இதனையே பலரும் பண்பு என்று மயங்குகின்றனர். கேட்டவர் இதனை மறுப்பாகப் படிக்கமாட்டார். காத்திருக்குமாறு சொன்னதாகவே படிப்பார். வேறிடத்திற் கேட்கவும் மாட்டார். பத்து நாள் கழிந்து, வீட்டில் அரிசியும் தீர்ந்தபின், மீண்டும் வருவார். அப்பொழுது இருமுறை மறுத்த பழி கடைக்காரருக்கு வந்து சேரும். புறநானூற்றில் ஆவூர் மூலங்கிழார் பாண்டியன் நன்மாறனுக்குக் கூறியதை அவர்க்கு நினைவூட்டினோம். கொடுக்க இயல்வதை இயலும் என்பதும், இயலாததை இல்லையென மறுப்பதும் இரண்டுமே நட்பின் பாற்பட்டவை. இயலாததை இயலும் என்பதும், இயல்வதை இல்லையென்பதும் இரண்டுமே இரப்போரை வாட்டி, கொடுப்போர் புகழையும் குறைப்பவை என்பது அப்புலவர் கருத்து. பரிசில் நீட்டித்த அரசன்முன் நின்று சொன்னது அது. உடனே இல்லையென்று சொல்வதை நட்பின் பக்கத்திலே வைத்த அப்பாட்டு, கடைக் கொப்பிக்கும் பொருந்துவதைக் கண்டு எம் மாணவர் வியந்தார். வகுப்பில் இதனைப் படித்தபோது வியந்தாரல்லர் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாங் கடிதம் பழைய 45,000 ரூபாவைத் திகதி திகதியாக எழுதி, "இந்த நிலையில் மேலும் கேட்பது முறையா?" என்று முடிந்தது. கணக்கு முழுவதும் உண்மை. எனினும், மறுப்புக்குக் காரணம் கேட்டவரின் நடத்தை என்று இக்கடிதம் சொல்லுகின்றது. உண்மைக் காரணமோ மொத்த வியாபாரி தவணையை நிறுத்தியது. விளைவு குன்றியது அவர் குற்றமன்று. குற்றமில்லாதவனைக் குற்றவாளியாக்கி எழுதிய வரியை எத்தனை இனிய சொல்லும் பின்னர் மாற்றாது.

மூன்றையும் விலக்கியபின் புதிய கடிதத்திற்கு ஓர் ஒழுங்கை வகுத்தோம். கேட்டது இன்னதென முதலில் ஒரே வரியிற் சொல்லல் வேண்டும். துண்டை முற்றாகப் படித்தோம் என்பதற்கு அஃது அடையாளம். அடுத்த வரியிலேயே இல்லையென்பது வரவேண்டும்; நான்கு வரி நலம் விசாரித்துப் பின்னர் மறுத்தால் அந்நலமும் நடிப்பாகத் தோன்றும். பின்னர் காரணம், அது கடையைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். அதன்பின் கடன் அல்லாத உதவிகளுள் உறுதியாகச் செய்யக்கூடியவை எவையோ அவை மாத்திரம். கடிதம் இவ்வாறு அமைந்தது:

"அன்புள்ள அண்ணை அவர்கட்கு, வணக்கம். மூன்று மாதத்துச் சாமானைக் கொப்பியிற் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அதைக் கொடுக்க என்னால் இயலாது. மார்ச்சு மாதம் முதல் மொத்தக் கடையில் எனக்குத் தவணை இல்லை. காசு வைத்தே மூடை எடுக்கின்றேன். அதனால் இம்மாதம் முதலாம் திகதி தொடக்கம் எவருக்கும் புதிதாகக் கொப்பியில் எழுதுவதில்லை. உங்கள் நாணயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய 45,000 ரூபாவை மாதம் 5,000 ரூபாவாக ஒன்பது மாதத்தில் தந்தாற் போதும். அன்று எழுதிய விலைதான், கூட்டமாட்டேன். வாரம் ஒருமுறை காசுக்கு எடுக்கும் சாமானைக் கிலோக் கணக்கில் எடுத்தாலும் மூடை விலைக்கே தருவேன். பால்மா வரும் நாளில் ஒரு பைக்கற்றை உங்கள் வீட்டுக்கென்று இரண்டு நாள் எடுத்து வைப்பேன்.

அப்பாவை அன்றிரவு நீங்கள் கொண்டுபோனதை நான் மறக்கவில்லை. நேரில் வந்து சொல்லவேண்டிய செய்தி என்பதால் நானே இக்கடிதத்துடன் வருகின்றேன். இப்படிக்கு, தம்பி."

இதிலுள்ள சிலவற்றை விளக்குதல் வேண்டும். "எவருக்கும்" என்ற சொல்லே கடிதத்தின் முதுகெலும்பு. தமக்கு மாத்திரம் மறுக்கப்பட்டதென்று எண்ணுபவர் அவமானப்படுவர். யாவர்க்கும் ஒன்றென்று அறிபவர் வருந்துவரே அன்றி அவமானப்படார். ஆயின் அச்சொல் உண்மையாதல் வேண்டும். கடிதம் கொடுத்த மறுநாள் வேறொருவருக்கு மறைவிற் கொப்பி திறந்தால், எழுதிய அனைத்தும் பாழாகும். இதனை வற்புறுத்தியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். அவர் மனத்தில் உறவினர் ஒருவர் இருந்தார் போலும்.

சலுகைகளின் செலவையும் முன்னரே கணக்கிட்டோம். மூடை விலைக்கு ஒரு கிலோ சீனி 250 ரூபா. அன்று சில்லறை விலை 265 ரூபா. கிலோவுக்கு 15 ரூபா குறைவாக வரும். ஆனால் காசு அன்றே கையில் வரும். இழப்பின் அளவு தெரிந்த சலுகை அது. அளவு தெரியாத சலுகையைக் கடிதத்தில் எழுதுதல் ஆகாது. "முடிந்த உதவி எதுவும் செய்வேன்" என்ற வரியை அவர் சேர்க்க விரும்பியபோது யாம் அதனை அடித்துவிட்டோம். அந்த வரியைப் பிடித்தே மீண்டும் கடன் கேட்கலாம் அல்லவா?

மாதம் 5,000 ரூபா என்ற ஒழுங்கிற்கு மற்றொரு காரணமும் உண்டு. இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் வழக்கிடும் காலம், கடன் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டே. வாய்ச்சொல்லாற் கடனை ஒப்புக்கொள்வது அக்காலத்தைப் புதுப்பிக்காது. கடனாளி கையொப்பமிட்ட எழுத்தோ, பகுதிப் பணம் கட்டுதலோ வேண்டும். ஊர்க் கடைகளின் பழைய கொப்பிகளில் எத்தனை பக்கங்கள் சட்டத்தின் கண்ணில் வெற்றுத் தாள்கள் என்பதை இதனால் உணரலாம். ஆயினும் இதனைக் கடிதத்தில் எழுதலாகாது என்றோம். மறுப்பையும் சட்டத்தையும் ஒரே தாளில் வைத்தால் அது கடிதமன்று, நோட்டீசு. மாதந்தோறும் பணம் கட்டும்போது, மீதி இவ்வளவு என்று எழுதி இருவரும் ஒப்பமிடுவது போதும். வாடிக்கையாளருக்கும் அது பாதுகாப்பு. கட்டிய காசு கொப்பியில் ஏறியதா என்ற ஐயம் எழாது.

இனி, கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் முறை. எம் ஊரில் துண்டைக் கொடுத்துச் சிறுவரைக் கடைக்கு அனுப்புவது வழக்கம். மறுப்பையும் அச்சிறுவர் கையிலேயே கொடுத்தனுப்பும் கடைகளை யாம் கண்டிருக்கின்றோம். வெறும் பையுடன் திரும்பி வரும் பிள்ளை, தன் தந்தைக்குக் கடையில் மதிப்பில்லை என்பதை அன்று கற்றுக்கொள்கின்றது. அப்பாடத்தை எந்த ஆசிரியராலும் பின்னர் அழிக்க இயலாது. கைப்பேசிச் செய்தியும் ஏற்றதன்று. அது பலர் கண்ணிற்படும், பிறர்க்கு அனுப்பவும் படும். கடையின் முன்றிலில் மற்றை வாடிக்கையாளர் நிற்கச் சொல்வது எல்லாவற்றிலும் தீது. ஆகவே, விளக்கு வைத்தபின் அவரே தனியே வீட்டுக்குச் செல்லவேண்டுமென்றும், செய்தியை வாயாற் சொல்லிக் கடிதத்தைக் கையிற் கொடுத்து வரவேண்டுமென்றும் கூறினோம். பேசினால் மறந்துபோகும் தவணைக் கணக்கைக் கடிதம் நினைவில் வைத்திருக்கும். கடிதம் சொல்லமாட்டாத மதிப்பை வந்து நின்ற கால்கள் சொல்லும். துண்டு வந்த இரண்டாம் நாளே அவர் சென்றார்.

நடந்ததை மிகைபடக் கூறோம். விவசாயி கடிதத்தைப் படித்து, "சரி தம்பி" என்று மாத்திரம் சொன்னார். தேநீர் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் அவர் வீட்டார் ஒருவரும் கடைக்கு வரவில்லை. நெல்லியடியிற் சாமான் வாங்கியதாகக் கேள்வி. மூன்றாம் வாரம் அவரே வந்தார். முதற்றவணை 5,000 ரூபாவையும் வைத்து, ஒரு வாரச் சாமானையும் காசுக்கு எடுத்துச் சென்றார். ஒன்பது மாதம் என்று எழுதியது பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்தது. அதே கடிதத்தைச் சிறிது மாற்றி எழுதிக் கொடுத்த வேறொரு வாடிக்கையாளர் திரும்பி வரவேயில்லை. சொல்லாற் சில நட்புகளைக் காக்கலாம். எல்லா நட்புகளையும் அன்று.

மறுப்பு நன்கு எழுதப்பட்டதா என்பதை அறிய இரண்டு அடையாளங்கள் உண்டென்று இந்நிகழ்ச்சியாற் கண்டோம். படித்தவர் "அப்படியானால் அடுத்த மாதம்?" என்று கேட்பாராயின், கடிதம் தெளிவில்லாதது. அவர் தெருவின் மறுபக்கத்தால் முகந்திருப்பிச் செல்வாராயின், கடிதம் குற்றஞ்சாட்டியது. விவசாயி இரண்டையும் செய்தாரல்லர். இரண்டு வாரம் மௌனமாயிருந்தார். அம்மௌனத்துக்கு அவர்க்கு உரிமையுண்டு.

"கடன் கேட்டு நட்பை முறிக்காதீர்" என்று பலகை தொங்கவிட்டாற் போதாதோ என்று சிலர் வினவுவர். போதாது என்பதே எம் கருத்து. பலகை முகமறியாதவர்க்கு எழுதியது. இருபத்தைந்து ஆண்டு ஒழுங்காகக் கணக்குத் தீர்த்தவரும் நேற்று வந்தவரும் அதன் முன்னே ஒருவரே. மேலும் நட்பை முறிப்பது கேட்டவர் என்று அது பழியை அவர் தலையிற் போடுகின்றது. ஊரில் இல்லையென்பதே பாவம் என்று சொல்வோரும் உளர். அவர்கட்கு எம் மறுமொழி, கொப்பியை மூடாது கடையை மூடியவர்களை நினைத்துப் பாருங்கள் என்பதே. கடை மூடியபின் அவ்வூரார் காசு கொடுத்தும் அங்கே ஒரு கிலோ சீனி வாங்க இயலாது.

இக்கல்லூரியிலிருந்து சென்றவருள் வியாபாரிகளும் விவசாயிகளும் உளர். கேட்கும் கடிதமும் மறுக்கும் கடிதமும் இருபாலாரும் எழுதவேண்டி வரும். ஆகவே அவ்வாண்டு முதல் எம் வகுப்பிற் கடிதப் பயிற்சியை இரண்டாக்கியிருக்கின்றோம். ஒரு மாணவன் கடன் கேட்டு எழுதுவான். பக்கத்து மாணவன் அதை மறுத்து எழுதுவான். பின்னர் இருவரும் தாளை மாற்றிப் படிப்பர். சென்ற தவணையில் மறுப்பைப் படித்த சிறுவன் ஒருவன், "ஐயா, இவன் தரமாட்டான், ஆனால் நாளைக்கு இவனுடைய கடைக்குப் போகலாம்" என்றான். அத்தாளுக்கு யாம் முழுப் புள்ளிகளையும் இட்டோம்.